கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம் கிராமங்களில் வட்டியைச் சதவிகிதத்தில் யாரும் பேசுவதில்லை. "ஒரு ரூபாய் வட்டி", "இரண்டு ரூபாய் வட்டி" என்றே சொல்லுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்பது அதன் பொருள். ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 12. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு ரூபாய் எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது என்பதைக் கேட்பவர் மிகக் குறைவு. முதன்முறையாகக் கடன் வாங்குபவர் ஏமாறும் இடம் அதுவேயாகும்.

கறவை மாடு வாங்குவதற்காக ஓர் உழவர் 60,000 ரூபாய் கடன் பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். இருபத்து நான்கு மாதத் தவணை. இரண்டு இடங்களில் விசாரிக்கிறார். இரண்டிலும் "ஒரு ரூபாய் வட்டிதான்" என்கிறார்கள். இருவர் சொல்வதும் பொய்யன்று. எனினும் ஓரிடத்தில் மாதத் தவணை 3,100 ரூபாய். மற்றோரிடத்தில் 2,824 ரூபாய். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதல் இடத்தில் கணக்கிடும் முறை எளிது. 60,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 7,200, இரண்டாண்டிற்கு 14,400. இதை அசலுடன் கூட்டினால் 74,400. அதை இருபத்து நான்கால் வகுத்தால் 3,100. இதனைப் "பிளாட் வட்டி" என்று கடன் கொடுப்போர் சொல்லுவர். இதில் உள்ள குறை என்னவெனில், உழவர் மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகிறார். கடைசி மாதத்தில் அவர் கையில் நிற்கும் அசல் 2,500 ரூபாய்தான். ஆயினும் அந்த மாதத்திற்கும் முழு 60,000 ரூபாய்க்கு உரிய 600 ரூபாய் வட்டியே வாங்கப்படுகிறது. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்திற்கும் வட்டி கட்டுவதுதானே இது?

இரண்டாவது இடத்தில் வட்டி, ஒவ்வொரு மாதமும் நிற்கும் பாக்கியின்மேல் மட்டுமே கணக்கிடப்படுகிறது. இதுவே குறைந்து செல்லும் நிலுவை வட்டி. முதல் மாதம் பாக்கி 60,000, வட்டி 600. தவணை 2,824 ரூபாயில் இந்த 600 போக 2,224 அசலில் கழிகிறது. இரண்டாம் மாதம் பாக்கி 57,776. வட்டி 578 ரூபாய். அசலில் 2,246 கழிகிறது. தவணைத் தொகை மாறாது. ஆனால் அதற்குள் வட்டிப் பங்கு இறங்கிக்கொண்டும் அசல் பங்கு ஏறிக்கொண்டும் வரும். பன்னிரண்டாம் மாதத்தில் வட்டி 343 ரூபாய். கடைசி மாதத்தில் 28 ரூபாய். இரண்டாண்டிலும் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 7,786 ரூபாய். முன்னதில் 14,400. பிளாட் முறையில் "நூற்றுக்கு 12" என்று சொல்லப்பட்ட கடன், குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 21½ அளவில் வந்து நிற்கிறது.

இதைக் கண்டறியப் பெரிய கணக்கறிவு வேண்டுவதில்லை. தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதில் வட்டி என்ற பத்தியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எல்லா மாதமும் ஒரே தொகை இருந்தால் அது பிளாட். மாதந்தோறும் குறைந்துவந்தால் நிலுவை வட்டி. அட்டவணை தரவில்லையெனில், தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, அதிலிருந்து உங்கள் கைக்கு உண்மையாக வந்த தொகையைக் கழித்துப் பாருங்கள். "கைக்கு வந்த தொகை" என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. விண்ணப்பக் கட்டணம், காப்பீடு என்று பிடித்துக்கொண்டு 57,000 மட்டும் கொடுத்தாலும், வட்டி ஓடுவது 60,000க்கே.

இனித் தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். மாடு நோயுற்றது, பால் நின்றது, ஐந்தாம் தவணை கட்டவில்லை. அப்பொழுது பாக்கி அசல் ஏறத்தாழ 50,968 ரூபாய். பத்திரத்தில் "தவணை தவறினால் மாதம் நூற்றுக்கு 2 தண்டக் கட்டணம்" என்று ஒரு வரி இருக்கிறது. எதில் நூற்றுக்கு 2? தவறிய தவணையாகிய 2,824 ரூபாயில் என்றால் 56 ரூபாய். பாக்கி முழுவதிலும் என்றால் 1,019 ரூபாய். ஒரே வரி, பொருள் இரண்டு. கையெழுத்திடுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். வாய்மொழி போதாது.

முன்பு பல இடங்களில் தண்டத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து, அதையும் அசலில் ஏற்றி, அதன்மேல் மீண்டும் வட்டி போடுவதுண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் இதைத் தடுத்தது. வணிக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தவறுதலுக்குத் தனிக் கட்டணம் மட்டுமே விதிக்கலாம். அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி போடலாகாது. அது தவறுதலின் அளவுக்கு ஏற்றதாகவும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டாமல் நிற்கும் அசலுக்கு வழக்கமான வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை இவ்விதி நிறுத்தவில்லை. நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் நேர் ஆளுகைக்கு உட்பட்டதன்று. அங்கே சங்கத்தின் துணைவிதியையே கேட்டுப் படிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. அதைப் பெரும்பாலோர் அறியார். ஐந்தாம் தவணையை விட்ட உழவர், ஆறாம் மாதம் 2,824 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டுகிறார். "இம்மாதம் கட்டிவிட்டேன்" என்று நிம்மதியடைகிறார். ஆனால் அப்பணம் பழைய தவணைக்கே வரவு வைக்கப்படும். ஆறாம் தவணை தவறியதாகிவிடும். அடுத்த மாதமும் அப்படியே. ஒரு தவணை தவறியதற்கு ஒவ்வொரு மாதமும் 56 ரூபாய் விழுந்துகொண்டிருக்கும். கடைசிவரை சென்றால் இருபது மாதத்திற்கு 1,120 ரூபாய். ஆகவே எப்படியேனும் ஒருமுறை இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்டி விடுபட்டதை நேராக்கிக்கொள்வதே சிக்கனம். ஆட்டை விற்றாவது கட்டலாமா என்று எம்மைக் கேட்டவர்களுண்டு. இருபது மாதத்தில் 1,120 ரூபாயும் அதற்கான வட்டியும் போவதை எண்ணிப் பார்த்து அவரவரே முடிவு செய்யட்டும். ஆடும் குட்டி போடுமே!

2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தவணைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கடன் பெறுபவருக்குத் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு விகிதமும், தவணை அட்டவணையும், தண்டக் கட்டணமும் அதில் இருக்க வேண்டும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான ஒப்புதலின்றி வாங்க முடியாது. ஒரு வாரம் அல்லது அதற்கு மேற்பட்ட கெடுவுள்ள கடனாயின், அத்தாளைப் பெற்றபின் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசமும் உண்டு. "இப்பொழுதே கையெழுத்திடுங்கள், நாளை பணம் இராது" என்று அவசரப்படுத்தினால் இந்த மூன்று நாளை நினைவூட்டுங்கள்.

கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது பெற்று, ஆறு மாதத்திற்கொரு முறை கணக்கு நகல் வாங்கி, அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். வேறுபாடு கண்டால் முதலில் கடன் கொடுத்த இடத்திலேயே எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை திருப்தி தராவிட்டாலோ, வங்கியாயின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணமில்லை.