பள்ளிக்குத் திரும்ப விரும்பும் பீடிச் சிறுமி
(உரையின் எழுத்து வடிவம்)



மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், கங்கைக் கரையை ஒட்டிய ஜங்கிபூர், சூதி, துலியான் பகுதிகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றாத தெருவைக் காண்பது அரிது. முகவர் இலையும் தூளும் நூலும் தந்து செல்கிறார். பெண்கள் வீட்டில் சுற்றிக் கட்டித் திருப்பித் தருகின்றனர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஆண்களில் பலர் கட்டட வேலை தேடிக் கேரளம் போன்ற மாநிலங்களுக்குச் செல்கின்றனர். அத்தகைய வீடுகளில் காணப்படும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த ஒரு மாதிரியே கீழே ஆராயப்படுகிறது. இதில் வரும் சிறுமி எந்த ஒரு தனிக் குழந்தையும் அல்லள்.

அவளுக்கு வயது 13 ஆண்டு 10 மாதம். டிசம்பரில் 14 நிறைவடையும். இப்போது அக்டோபர் மாதம். ஆறாம் வகுப்பின் நடுவில், தாய் நோயுற்றபோது, பள்ளியிலிருந்து நின்றாள். தாய் குணமடைந்தார். ஆனால் அதற்குள் சிறுமியின் விரல்கள் பழகிவிட்டன. முகவரின் ஒப்பந்த அளவும் உயர்ந்துவிட்டது. தாயும் மகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 1,000 பீடி சுற்றுகின்றனர். அதில் 400 சிறுமியினுடையது. முகவரின் கணக்குப் புத்தகத்தில் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது. அவளோ மீண்டும் படிக்க விரும்புகிறாள். அதைத் தாயிடம் ஒருமுறை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

இங்கு முதலில் கவனிக்க வேண்டியது நாட்காட்டி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்கே உரிமை தருகிறது. ஆனால் அதன் 4ஆவது பிரிவில் ஒரு முக்கியமான வாய்ப்பு உள்ளது: பள்ளியிலிருந்து நின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், அவ்வாறு சேர்க்கப்பட்ட குழந்தை 14 வயதைக் கடந்த பிறகும், எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை கட்டணமின்றிப் படிக்கும் உரிமை பெறும். ஆகவே அவள் டிசம்பருக்கு முன் சேர்ந்துவிட்டால் உரிமை நீடிக்கும். சேராமல் பிறந்தநாளைக் கடந்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

மேற்கு வங்கத்தில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதனால் தலைமையாசிரியர் பெரும்பாலும் கனிவாகவே, "ஆண்டு முடியப்போகிறது, ஜனவரியில் வாருங்கள்" என்பார். இதில் தீய எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் இக்குழந்தைக்கு அந்தக் கனிவான சொல் உரிமை மறுப்பாகவே முடிகிறது. சட்டத்தின் 15ஆவது பிரிவு, நீட்டிக்கப்பட்ட கால எல்லைக்குப் பிறகு வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையும் (5ஆவது பிரிவு), வயதுச் சான்று இல்லாததையும் (14ஆவது பிரிவு) காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்க இயலாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நாளிட்ட ஒப்புகை பெறுவதே முதல் வேலை. வாய்ச்சொல்லில் கேட்டுத் திரும்பினால், பின்னர் அவள் 14 வயதுக்கு முன் வந்தாள் என்பதற்கு யாரிடமும் சான்று இராது.

எந்த வகுப்பில் சேர்ப்பது? ஆறாம் வகுப்பில் விட்டதால் ஆறிலேயே உட்கார வைக்கலாம் என்று பள்ளி கருதும். பதினான்கு வயதை எட்டும் பெண் பதினொரு வயதுப் பிள்ளைகளிடையே உட்கார்ந்தால், சில வாரங்களில் வெட்கத்தாலேயே நின்றுவிடுவாள். சட்டப்படி அவளது இடம் எட்டாம் வகுப்பு. அதற்குத் தேவையான படிப்பை எட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மத்திய மாதிரி விதிகளின்படி அது குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. எட்டாம் வகுப்பு என்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. மாநிலத்தின் கன்யாஸ்ரீ திட்டத்தில், எட்டாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் படிக்கும், 13 முதல் 18 வயது வரையிலான, மணமாகாத பெண்களுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிப்பைத் தொடர்ந்து, மணமாகாமல் 18 வயதை எட்டினால் ஒருமுறைத் தொகையாக 25,000 ரூபாய் கிடைக்கும். ஆறாம் வகுப்பில் இருத்தப்பட்டவளுக்கு இது எட்டாது. இளவயதுத் திருமணம் மிகுந்த மாவட்டத்தில் இந்தத் தொகையை வைத்தே வீட்டில் பேச்சைத் தொடங்கலாம்.

சிறப்புப் பயிற்சியில் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவளிடமே கேட்டறியலாம். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்பதை அவள் மனத்தில் நொடியில் கணக்கிடுவாள். ஆனால் அதே கணக்கைத் தாளில் வகுத்தலாக எழுதினால் தடுமாறுவாள். அவளைக் கணிதம் தெரியாதவள் என்று பதிவு செய்வது பிழை. எழுத்துவடிவம் மட்டுமே விடுபட்டிருக்கிறது. மொழியில் நிலை வேறு. இரண்டு ஆண்டு வாசிக்காததால் நீண்ட வாக்கியத்தில் பொருள் நழுவுகிறது; இதற்கே மாதங்கள் தேவைப்படும்.

இனி வருமானம். நாளொன்றுக்கு 400 என்றால் வாரத்தில் ஆறு நாளுக்கு 2,400 பீடியின் கூலி வீட்டிற்குக் குறையும். இதைப் பேசாமல் வகுக்கப்படும் திட்டம் தாளிலேயே நிற்கும். தொழிற்சங்கத்திற்கு இங்குதான் வேலை இருக்கிறது. முகவர் தரமில்லை என்று கழிக்கும் பீடிகளுக்குக் கூலி இல்லை. ஆயினும் அவை முகவரிடமே தங்கிவிடுவதும் உண்டு. ஆயிரத்துக்கு 50 கழிக்கப்பட்டால், இந்த வீட்டிற்கு வாரத்தில் 300 பீடியின் கூலி போகிறது. இலை குறைவாக நிறுக்கப்பட்டால் மீதியைத் தாய் தன் காசில் வாங்குகிறார். இவற்றைத் தடுத்தாலும், குறைந்தபட்சக் கூலியைக் கேட்டுப் பெற்றாலும், இழப்பின் ஒரு பகுதியே ஈடாகும். பள்ளியில் எட்டாம் வகுப்புவரை கிடைக்கும் மதிய உணவையும் சேர்த்தாலும் கணக்கு சமமாகாது. அதைத் தாயிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் முதல் மாதக் கூலியிலேயே நம்பிக்கை உடைந்துவிடும்.

சேர்ந்த பிறகு தோல்வியை எவ்வாறு அறிவது? வருகைப் பதிவேடு மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர் இருக்க, பிள்ளை வீட்டில் இருப்பதுண்டு. நம்பகமான அளவுகோல் முகவரின் புத்தகம். அவள் பள்ளிக்குச் சென்ற பிறகு தாயின் நாளளவு 600 அல்லது அதை ஒட்டிய எண்ணுக்கு இறங்க வேண்டும். புத்தகத்தில் இன்னும் 1,000 என்றே இருந்தால் அவள் இரவில் சுற்றுகிறாள். வகுப்பில் தூங்கி வழிவதன் காரணமும் அதுவே. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பத் தொழிலுக்கு உதவுதல் என்ற பெயரில் ஒரு திரையைத் தொங்கவிட்டுள்ளது. ஆனால் அதன் 2017ஆம் ஆண்டு விதிகளே இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை குழந்தை உதவக் கூடாது என்கின்றன. முகவருக்காகச் சுற்றும் கூலிவேலையைக் குடும்பத் தொழில் என்று ஏற்பதே முதலில் தவறு.

முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 30 நாள் வராத குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. இவளைப் போன்றவளுக்கு 30 நாள் மிக நீண்ட காலம். முதல் ஆறு வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டாலே வீட்டிற்குச் செல்ல ஒருவரை, பெயர் குறித்து, நியமிக்க வேண்டும். அவர் பக்கத்துத் தெருப் பீடிப் பெண்ணாக இருப்பது நல்லது. ஆசிரியர் வந்தால் தாய் முறத்தை உள்ளே மறைத்து வைப்பார்.

விண்ணப்பம் தாமதமாகி டிசம்பர் கடந்துவிட்டாலும் வழி முழுதும் மூடிவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். மாநிலத்தின் ரவீந்திரத் திறந்தநிலைப் பள்ளிக் குழுமமும் உண்டு. ஆனால் அங்கு நாள்தோறும் அவளை வீட்டை விட்டு வெளியே அழைக்கும் மணி இல்லை. புத்தகமும் முறமும் ஒரே அறையில் இருக்கும். அதனால்தான் அக்டோபரில் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளுக்கும் அதன் ஒப்புகைக்கும் இவ்வளவு அழுத்தம் தரப்படுகிறது.