ஊதா மூடி டியூப்புக்குள்ள காணாமப் போன பிளேட்லெட்

இன்னைக்கு கோடும் இல்லை, சர்வரும் இல்லை. எங்க மாமாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பத்தித்தான் பேசப் போறேன்.

மாமா கோட்டுச்சேரியில இருக்கார், வயசு 58. ஹெர்னியா ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சு. அதுக்கு முன்னாடி எடுக்கிற ரத்தப் பரிசோதனையில பிளேட்லெட் 41,000-னு வந்துச்சு. ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். 50,000-க்கு கீழ போனா ஆபரேஷன் பண்ணவே பெரும்பாலும் யோசிப்பாங்க. ஆபரேஷன் தள்ளிப்போச்சு.

நம்ம ஊர்ல பிளேட்லெட்னாலே டெங்குதான். அத்தை அன்னைக்கே பப்பாளி இலையை அரைக்க ஆரம்பிச்சாச்சு. என் மாமா பையன் இணையத்துல தேடி, ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போயிட்டு வந்தான். ஆனா மாமாவுக்குக் காய்ச்சல் கிடையாது. ஈறுல ரத்தம் வரல, தோல்ல சிவப்புப் புள்ளி இல்லை. ஷேவ் பண்றப்ப வெட்டுப்பட்டா கூட சீக்கிரம் நின்னுடும்.

வேற ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க பிளேட்லெட் எண்ணிக்கையை விட்டுட்டு ரெண்டு கேள்வி கேட்டாங்க. "ரத்தம் எங்க எடுத்தீங்க? எத்தனை மணி நேரம் கழிச்சு மெஷின்ல போட்டாங்க?" எடுத்தது கோட்டுச்சேரியில காலையில ஏழரைக்கு. காரைக்கால் லேபுக்குப் போய் மெஷின்ல ஏறினது கிட்டத்தட்ட பதினொன்றரைக்கு. அந்த நாலு மணி நேரத்துலதான் விஷயம் இருக்கு.

ரத்தம் எடுக்கிற ஊதா மூடி டியூப்புல இ.டி.டி.ஏ-ங்கிற உப்பு இருக்கும். அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கால்சியம் கிடைக்காம ரத்தம் உறையாது. ஆனா பிளேட்லெட்டோட மேற்பரப்புல இருக்கிற ஒரு புரதம் கால்சியத்தை வச்சுத்தான் தன் உருவத்தைப் பிடிச்சிருக்கு. கால்சியம் போனதும் அது கொஞ்சம் திறந்து, உள்ள மறைஞ்சிருந்த பகுதி வெளிய வரும். சிலரோட ரத்தத்துல சரியா அந்தப் பகுதியில ஒட்டிக்கிற ஆன்டிபாடி இருக்கும். அது பிளேட்லெட்டை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஒட்டிடும். உடம்புக்குள்ள இ.டி.டி.ஏ கிடையாது, அதனால அங்க இது நடக்காது. டியூப்புக்குள்ள மட்டும்தான். நேரம் ஆக ஆக, ரத்தம் அறை வெப்பத்துக்கு ஆறினதும், கட்டி பெருசாகிட்டே போகும். சுமாரா ஆயிரம் பேருல ஒருத்தருக்கு இது இருக்கும்னு சொல்றாங்க.

எண்ற மெஷின் அளவைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். சின்ன ஓட்டை வழியா ஒவ்வொண்ணா போகும், சின்னதா இருந்தா பிளேட்லெட். இருபது பிளேட்லெட் ஒண்ணா ஒட்டி வந்தா, மெஷினுக்கு அது இருபதும் இல்லை, பிளேட்லெட்டே இல்லை. கட்டி போதுமான பெருசா இருந்தா வெள்ளை அணுக் கணக்குல போய் விழும். மாமா ரிப்போர்ட்ல வெள்ளை அணு 12,600-னு லேசா கூடி இருந்துச்சு. நாங்க அதைக் கண்டுக்கவே இல்லை. டாக்டரம்மா முதல்ல விரல் வச்சது அங்கதான். நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக்கெட்ல குறைஞ்ச டேட்டா பக்கத்து பக்கெட்ல போய் உட்கார்ந்திருக்கு.

மறுநாள் லேபுலயே வச்சு ரெண்டு வேலை பண்ணினாங்க. ஊதா டியூப் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டுல மெல்லிசா இழுத்து, மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. இழுத்ததோட வால் ஓரத்துல திட்டுத் திட்டா பிளேட்லெட் கட்டிகள். லேப் அண்ணன் எனக்கும் காட்டினார். அரிசிமாவு ஈரம் பட்டு உருண்டு கிடக்கிற மாதிரி இருந்துச்சு.

அதே நேரத்துல நீல மூடி டியூப்புலயும் ரத்தம் எடுத்து, எடுத்த கையோட மெஷின்ல போட்டாங்க. அதுல சிட்ரேட் திரவம் இருக்கும். ரத்தம் 2.7 மில்லி, திரவம் 0.3 மில்லி. அதாவது ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போகுது, அதனால வர்ற எண்ணை 1.1 ஆல பெருக்கணும். மெஷின் காட்டினது 1,86,000. பெருக்கினா 2,04,600. வெள்ளை அணுவும் ஒன்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு.

"அப்போ நீல டியூப்தான் எப்பவும் சரியா?"ன்னு கேட்டேன். இல்லையாம். சிலருக்கு சிட்ரேட்லயும் ஒட்டும். அப்போ விரல்ல குத்தி, நேரா தகட்டுல இழுத்து, கண்ணால மதிப்பிடணும். இன்னொண்ணு, ஊசி சரியா ஏறாம ரத்தம் மெதுவா வந்தாலோ, டியூப்பை உடனே மெதுவா கவிழ்த்துக் கலக்காம விட்டாலோ ரத்தமே லேசா உறைஞ்சு, பிளேட்லெட் குறைவா வரும். அது எடுத்த விதத்தோட கோளாறு. திரும்ப ஒழுங்கா எடுத்தா அதே ஊதா டியூப்புலயே சரியாகிடும். மாமாவுக்கு ஊதாவுல எத்தனை தடவை எடுத்தாலும் இப்படித்தான் ஒட்டும்.

ஆபரேஷன் மூணு வாரத்துல முடிஞ்சுது, ரத்தம் ஏத்த வேண்டிய தேவையே வரல. டாக்டரம்மா ஒரு சீட்டுல "இ.டி.டி.ஏ டியூப்பில் பிளேட்லெட் ஒட்டும், சிட்ரேட்டில் எடுக்கவும், தகட்டில் பார்க்கவும்"னு எழுதிக் கொடுத்தாங்க. மாமா அதை லேமினேட் பண்ணி ஆதார் கார்டோட வச்சிருக்கார்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னாங்க. "ஐப்பசி கார்த்திகையில உங்களுக்கு காய்ச்சல் வந்து பிளேட்லெட் குறைவா காட்டினா, இது டியூப் கோளாறுதான்னு வீட்ல உட்கார்ந்திடாதீங்க. உங்களுக்கும் டெங்குல நிஜமாவே குறையலாம். சீட்டைக் காட்டி அன்னைக்கே எண்ணச் சொல்லுங்க."

அத்தை இன்னும் பப்பாளி இலைதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிட்டு இருக்காங்க.