மூக்குக் குழாயில் மருந்து: உரல், தண்ணீர், நோட்டுப் புத்தகம்

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். ஆனால் இன்று நான் சொல்லப்போவது மருந்தகத்தில் கற்றதைவிட, என் வீட்டில் நான் செய்த இரண்டு தப்புகளால் கற்றதுதான். நம்மில் பல வீடுகளில் எண்பது தாண்டிய அப்பாவோ அம்மாவோ மூக்கில் ரைல்ஸ் டியூபுடன் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு ஊரில். பார்த்துக்கொள்வது ஒரு வயதான மாமியும், பகலில் வரும் ஒரு பெண்ணும். அவர்களுக்கு இது உபயோகப்படும்.

2016ல் என் தாயாருக்கு 81 வயதில் பக்கவாதம் வந்தது. விழுங்க முடியவில்லை. குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஐந்து மருந்துகள்: ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், வயிற்று அமிலத்துக்கு பான்டோபிரசோல், பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்ததால் பெனிடாயின் சிரப்.

நான் வேலையாக வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஆத்துக்காரி நாலு மாத்திரைகளையும் ஒன்றாக இஞ்சி தட்டும் உரலில் இடித்து, ராகிக் கஞ்சியில் கலந்து குழாயில் விட்டாள். பாதியில் நின்றுவிட்டது. தள்ளினால் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் புதுக் குழாய் போட்டோம். மூக்கில் ரத்தம் வந்தது. அம்மா வலது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மாத்திரைச் சீட்டைப் பார்த்து, எதை இடிக்கலாம், எதை இடிக்கக்கூடாது என்று முன்னமே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பான்டோபிரசோல் மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும் என்பதற்காகப் போட்ட பூச்சு. அதை இடித்தால் இரண்டு கெடுதல். மருந்து அமிலத்தில் பட்டு வீணாகிறது. பூச்சோ தோல் தோலாகப் பிரிந்து, ஈரம் பட்டதும் பிசுபிசுத்துக் குழாயில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் கஞ்சியும் படிந்தால் அடைப்புத்தான்.

மெட்டோப்ரோலால் இன்னும் ஆபத்து. அம்மாவுக்குக் கொடுத்தது நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும் வகை. இடித்துவிட்டால் ஒரு நாள் மருந்து மொத்தமும் சீக்கிரமே ரத்தத்தில் சேரும். நாடி மிகவும் குறைந்து, அழுத்தம் இறங்கிவிடலாம். சீட்டில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., எம்.ஆர்., டி.ஆர்., இ.சி. என்று ஏதாவது எழுத்து இருந்தால், டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் உரலைத் தொடாதீர்கள். எழுத்து இல்லாமலும் பூச்சு இருக்கலாம். ஆகையால் குழாய் போட்ட அன்றே எல்லாச் சீட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டி, "இது குழாயில் போகுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே நல்லது. பெரும்பாலும் மாற்று இருக்கும். அம்மாவுக்கு டாக்டர் ஆஸ்பிரினைத் தண்ணீரில் கரையும் வகையாகவும், மெட்டோப்ரோலாலை இருவேளை கொடுக்கும் சாதாரண மாத்திரையாகவும், பான்டோபிரசோலுக்குப் பதில் வாயில் கரையும் லான்சோபிரசோலாகவும் மாற்றிக் கொடுத்தார். கடைசியில் இடிக்க வேண்டியவை இரண்டே இரண்டுதான்.

இனி கொடுக்கும் முறை. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, பாதி உட்கார்ந்த நிலையில் வையுங்கள். மருந்து கொடுத்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மூக்கு நுனியில் குழாய் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு நகர்ந்திருந்தாலோ, இருமல், மூச்சுத்திணறல் இருந்தாலோ எதையும் விடாதீர்கள். காற்றைத் தள்ளி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பக்கூடாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும்.

மருந்துக்கென்று தனியாக ஒரு பீங்கான் உரல் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை விபூதி மாதிரி ஆகவேண்டும். விரலில் தேய்த்தால் நெருநெரு என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக 15 முதல் 30 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். கஞ்சியிலோ பாலிலோ கலக்க வேண்டாம். இரண்டு மருந்துகளை ஒன்றாகவும் கலக்க வேண்டாம். முதலில் 30 மி.லி. வெறும் தண்ணீர். பிறகு ஒரு மருந்து. 15 மி.லி. தண்ணீர். அடுத்த மருந்து. மறுபடி தண்ணீர். கடைசியில் 30 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். 50 மி.லி. சிரிஞ்சைத்தான் குழாயில் பொருத்த வேண்டும். சின்ன சிரிஞ்ச் கொடுக்கும் அழுத்தம் அதிகம், குழாய் பிளந்துவிடக்கூடும். சிரப்பை அளக்க மட்டும் சின்ன சிரிஞ்ச். கெட்டியான சிரப்பைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்த பிறகே விடவேண்டும்.

இந்தத் தண்ணீரெல்லாம் ஒரு வேளைக்கே 150 மி.லி.க்கு மேல் ஆகிவிடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் கணக்கு வைத்திருப்பார். அந்தக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

அடைப்பு திடீரென்று வருவது குறைவு. சிரிஞ்சின் மேல்பக்கம் திறந்திருக்க, தண்ணீர் தானாக இறங்கும் வேகத்தைத் தினமும் கவனியுங்கள். நேற்றைவிட இன்று மெதுவாக இறங்கினால் உள்ளே படிகிறது என்று அர்த்தம். அடைத்தேவிட்டால் முதலில் வெளியே குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு சிரிஞ்சால் மெல்ல இழுத்து மேலே நிற்பதை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, மெதுவாகத் தள்ளி இழுங்கள். குழாயை மூடி 10, 15 நிமிஷம் ஊறவிட்டு மறுபடி செய்யுங்கள். பலம் உபயோகிக்கக்கூடாது. கம்பி விடவே கூடாது. கோலா பானம் விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதிலுள்ள அமிலத்தில் பால் திரிந்து அடைப்பு இன்னும் இறுகும். அரைமணியில் திறக்காவிட்டால் டாக்டரிடம் போவதே சரி.

இப்போது இரண்டாவது தப்பு. இது பெரியது.

பெனிடாயினை உணவோடு சேர்த்துக் குழாயில் விட்டால் உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும். அதனால் முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி உணவு இல்லாமல் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கஞ்சி 7.30, 10.30, 1.30, 4.30, மறுபடி 7.30 மணிக்கு. ஆகவே பெனிடாயின் காலை 6, மாலை 6 என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டோம். பகலில் வரும் மராட்டிப் பெண் கிளம்புவதும் மாலை 6 மணிக்கு. ஆத்துக்காரி விளக்கேற்றிவிட்டு அம்மா அறைக்கு வருவதும் அப்போதுதான்.

நான் ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். மருந்துப் பெயர்கள் தமிழில். கொடுத்தால் ஒரு டிக். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. எந்தக் கட்டம் எந்த மருந்து என்று இடத்தை வைத்து நினைவில் வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் 5.30க்கே மாலைக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, ஆறு மணி மருந்தை "காகு கொடுப்பார்" என்று விட்டுப் போனாள். சனி, ஞாயிறும் அப்படியே. திங்கள் விடியற்காலை அம்மாவுக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பெனிடாயின் அளவு மிகக் குறைவு என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டவணையில் எல்லாம் டிக் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து குப்பியை எடுத்து அளந்தேன். 100 மி.லி. குப்பி, முந்தின திங்கள் காலை திறந்தது. ஒரு நாளைக்கு 12 மி.லி., ஏழு நாளைக்கு 84. மீதி 16 இருக்க வேண்டும். இருந்தது ஏறக்குறைய 34. பதினெட்டு மி.லி. கூடுதல். சரியாக மூன்று வேளை.

ஆத்துக்காரி அழுதாள். "டிக் போட்டிருக்கேன்னா, கொடுத்தாச்சுன்னு நெனச்சுண்டுட்டேன்" என்றாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. டிக் என்றால் "கொடுக்க வேண்டும்" என்பதா, "கொடுத்தாச்சு" என்பதா என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒரு வரிக்கு ஒரு மருந்து. மருந்தின் பெயர் சீட்டில் அச்சிட்டபடியே, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி. அளவு மி.லி.யில் மட்டும் அல்ல, மி.கி.யிலும். பெனிடாயின் சிரப்பில் 5 மி.லி.க்கு 30 மி.கி. உள்ளதும் உண்டு, 125 மி.கி. உள்ளதும் உண்டு. அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 6 மி.லி., அதாவது 150 மி.கி. கடையில் மற்றக் குப்பியைக் கொடுத்திருந்தால் அதே 6 மி.லி.யில் 36 மி.கி.தான் போயிருக்கும். பிறகு, விட்ட தண்ணீர், கொடுத்த நேரம் கடிகாரத்தைப் பார்த்து, கொடுத்தவரின் கையெழுத்து.

கையெழுத்துக்கு ஒரே விதி. கடைசித் தண்ணீர் இறங்கி, குழாயை மூடிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். கொடுக்காவிட்டால் காலியாக விடக்கூடாது. ஒரு வட்டம் போட்டு, வாந்தி, குழாய் நகர்ந்தது, மருந்து தீர்ந்தது என்று காரணத்தை எழுத வேண்டும். கொடுத்த சற்று நேரத்தில் வாந்தி எடுத்தால் நாமாக மறுபடி கொடுக்கக்கூடாது. நேரத்தை எழுதி டாக்டரைக் கேட்க வேண்டும். மாலை ஆறு மணி மருந்து யாருடையது என்பதையும் எழுதியே வைத்தோம்: வருகிறவருடையது, போகிறவருடையது அல்ல. அந்தப் பெண் தன் வரிகளை மராட்டியில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் குப்பியையும் சீட்டையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். பெனிடாயின் கனமான தூள் அடியில் தங்கும் மருந்து என்பதால், "நன்றாகக் குலுக்கவும்" என்று குப்பி மேலேயே ஒட்டினேன். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் மருந்து குறைவாகவும் கடைசி நாட்களில் அதிகமாகவும் போகும்.

அம்மா அந்தக் குழாயோடு இன்னும் பதினொரு மாதம் இருந்தாள். குழாயை மாற்ற வேண்டிய நாளில்தான் மாற்றினோம். அடைப்புக்காக ஒரு தடவையும் இல்லை. வலிப்பும் திரும்ப வரவில்லை. 2017ல் காலமானாள்.

அந்த நோட்டை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் பக்க அமைப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வீட்டில் குழாய் உள்ளவர்கள் மாத்திரைச் சீட்டுகளைக் கொண்டு வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டுங்கள். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.