தணியாத கரப்பானும் ஈரக்கட்டும்



ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய கரப்பான், இம்முறை களிம்பு தடவியும் இரு வாரங்களாகத் தணியவில்லை. முழங்கை மடிப்புகளும் முழங்காலின் பின்புறமும் சிவந்து தடித்திருந்தன. இரவெல்லாம் சொறிந்தாள், தலையணை உறையில் குருதிக் கறை படிந்தது. தோல் மருத்துவர் ஈரக்கட்டினைப் பரிந்துரைத்தார். எனினும் அன்றே தொடங்கவில்லை. ஒரு முழங்காலின் பின்னே மஞ்சள் நிறப் பொருக்கு படிந்து நீர் கசிந்தது. கிருமி புகுந்த தோலை ஈரத்துணியால் மூடுதல் தீங்கு. ஆகவே, முதலில் அதற்கு மருந்து கொடுத்து, அது ஆறிய பின்னரே கட்டுக்கு இசைந்தார்.

செய்முறை எளியது. மாலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளிப்பாட்டித் துண்டால் ஒற்றி எடுத்தாள் தாய். சிவந்த இடங்களில் மட்டும் மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவினாள். பெரியவர் சுட்டுவிரலின் நுனிக் கணு அளவு பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஏனைய இடங்களில் ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தாராளமாகப் பூசினாள். பின்னர், வெந்நீரில் நனைத்துச் சொட்டாதவாறு பிழிந்த பருத்திச் சட்டையை இளஞ்சூட்டோடு அணிவித்து, அதன்மேல் உலர்ந்த சட்டை ஒன்றை மாட்டினாள். ஈரம் மெல்ல ஆவியாகும்போது தோல் குளிர்ந்து அரிப்பு அடங்குகிறது. நகமும் தோலைத் தொடுவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டின்கீழ் ஸ்டீராய்டு மிகுதியாக உட்புகும். எனவேதான் வீரியம் குறைந்த களிம்பை நாளுக்கு ஒருமுறை, சில நாட்களுக்கு மட்டும் என மருத்துவர் வரையறுத்தார். 'ஸ்டீராய்டு' என்ற சொல்லுக்கே அஞ்சி அதனை விலக்கும் பெற்றோரும் உளர். மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் தடவுவோரும் உளர். இரண்டும் பிழையே.

மூன்றாம் இரவில் சிறுமி விழிக்காமல் உறங்கினாள். ஐந்தாம் நாளில் கட்டு நிறுத்தப்பட்டது. மயிர்க்கால்களில் சீழ்ப்புள்ளிகள் தோன்றியிருந்தால் முன்னரே நிறுத்தியிருக்க வேண்டும். காய்ச்சலோடு, துளையிட்டாற்போன்ற சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றுமாயின் அது அக்கி வைரஸின் தாக்குதலாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஆயினும் இரு மாதங்களில் நோய் மும்முறை திரும்பியது. வலிய மருந்தின் தேவை அப்போதுதான் எழுந்தது. வாய்வழி ஸ்டீராய்டு விரைந்து தணிக்கும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் சீறி எழுவதுண்டு. ஆதலால் மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தேர்ந்தார். தொடங்குமுன் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதித்தார். வாரத்திற்கு ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து இது. நாள்தோறும் கொடுத்துவிட்டால் இரத்த அணுக்கள் குன்றி உயிருக்கே இடராகும். தந்தை நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் எவையேனும் எஞ்சியுள்ளனவா என்றும் மருத்துவர் முன்கூட்டியே கேட்டறிந்தார்.

இம்மருந்தின் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை களிம்பும், நோய் சீறும் நாட்களில் ஈரக்கட்டும் தொடர்ந்தன. பத்தாம் வாரத்தில் முழங்கை மடிப்பின் தடிப்பு மெலிந்தது. தலையணை உறையைத் தாய் வழக்கம்போல் காலையில் எடுத்துப் பார்த்தாள், கறை இல்லை.