தொலைவில் தேர்வு, பக்கத்தில் ஞாயிறு



குரூப் 4 தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று வையுங்கள். பொதுத்தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25, ஆக 200 கேள்விகள். தினமும் படிப்பதாக அட்டவணை போடுகிறோம். ஒருநாள் தவறுகிறது. விட்டதை மறுநாள் பாடத்தோடு சேர்க்கிறோம். இரண்டு நாள் பாடம் ஓர் இரவில் முடிவதில்லை. பாக்கி ஏறுகிறது, புத்தகத்தைத் திறக்கவே மனம் வருவதில்லை. படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பாக்கியால்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் பழக்கங்கள் உருவாகும் விதத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். இடையில் ஒருநாள் விடுபட்டதால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்பது அவர்கள் கண்டது. ஆகவே, தவறும் நாளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவோம். கணக்கை நாளுக்கு நாள் பார்க்காமல் வாரத்துக்கு வாரம் பார்ப்போம்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் நாற்பது நிமிடம் கணக்கு. திங்கள் சதவீதம், செவ்வாய் விகிதம், புதன் பரப்பளவு, வியாழன் தனிவட்டி, வெள்ளி வேலையும் நேரமும். சனிக்கிழமைக்குப் பாடமே கிடையாது. ஞாயிறு காலை, பழைய வினாத்தாள்களிலிருந்து தலைப்புக்கு ஐந்தாக 25 கேள்விகள், கடிகாரம் வைத்துத் தேர்வு.

புதனன்று கடையில் சரக்கு வந்து நேரமாகிவிட்டது. வியாழன் அவர் பரப்பளவைத் தொட வேண்டாம், தனிவட்டியை மட்டும் போடட்டும். பரப்பளவு சனிக்கிழமைக்குப் போகும். இரண்டு நாள் தவறினால், ஒன்று இந்தச் சனிக்கு, மற்றது அடுத்த சனிக்கு.

ஆறு மாதம் தள்ளியிருக்கும் தேர்வு இன்றிரவு நம்மை எழுப்பாது. நாலு நாளில் வரும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு எழுப்பும். பரப்பளவில் ஐந்துக்கு இரண்டுதான் சரி என்றால், அடுத்த வாரம் எதைத் திரும்பப் போடுவது என்றும் அதுவே சொல்லிவிடும். வெறுமனே வாசித்துக்கொண்டே போனால் இது தெரியாது. படித்த பக்கமெல்லாம் புரிந்ததாகவே தோன்றும்.

தொடர்ந்து மூன்று வாரம் சனிக்கிழமை நிரம்பி வழிந்தால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அன்றாடப் பங்கு அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம். நாற்பது நிமிடத்தை இருபதாக்குங்கள்.

இந்த ஏற்பாடு கடைசி மாதத்துக்குப் போதாது. அப்போது ஞாயிறுதோறும் 200 கேள்விகளையும் மூன்று மணி நேரத்தில், விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கியே எழுதிப் பழக வேண்டும். அதுவரை 25 போதும். இந்த ஞாயிறு எந்த ஐந்து தலைப்பு என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள்.