கொதிக்கும் தண்ணீருக்குச் சூடு ஏன் ஏறுவதில்லை?



ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்து, பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே, அந்த வெப்பமானியைப் பாத்திரத்தின் அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 30 டிகிரியில் தொடங்கி 50, 70, 90 என்று ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் 100 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அடுப்பைக் கூட்டிப் பாருங்கள். குமிழிகள் அதிகமாகும், ஆவி அதிகமாகும். வெப்பமானி மட்டும் அசையாது. அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது? அந்த வெப்பம் எங்கே போகிறது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக், 1762-ஆம் ஆண்டு இந்தக் கேள்வியை அளந்தே பார்த்துவிட்டார். தண்ணீர் கொதிநிலையை எட்டிவிட்டால், இன்னும் கொஞ்சம் வெப்பம் கொடுத்தாலே முழுவதும் ஆவியாகிவிடும் என்பதுதான் அன்று பலரும் நம்பியது. அது உண்மையானால், கொதி வந்த அடுத்த நொடியே பாத்திரத்துத் தண்ணீர் மொத்தமும் வெடிமருந்து போல வெடித்துக் கிளம்ப வேண்டுமே என்று கேட்டார் பிளாக். நியாயமான கேள்விதான். எந்தச் சமையலறையிலும் அப்படி நடப்பதில்லை.

தகரப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டின் மேல் வைத்தார். சுமார் 10 டிகிரியில் இருந்த தண்ணீர் 4 நிமிடத்தில் கொதிக்கத் தொடங்கியது. முழுவதும் வற்ற மேலும் 20 நிமிடம் பிடித்தது. அவர் போட்ட கணக்கு எளிமையானது. 4 நிமிட வெப்பம் 90 டிகிரி ஏற்றியது என்றால், 20 நிமிட வெப்பம் அதைப்போல் ஐந்து மடங்கு. 450 டிகிரி ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அத்தனையும் ஆவிக்குள் போய் ஒளிந்துகொண்டது. இதைத்தான் நம் பாடப்புத்தகங்கள் உள்ளுறை வெப்பம் என்கின்றன. இன்றைய துல்லியமான அளவு 540; அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு அவர் இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிது.

அந்த வெப்பம் ஆவிக்குள் என்ன செய்கிறது? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெப்பமானி காட்டுவது அவை எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைத்தான். கொதி வரும் வரை, கொடுக்கும் வெப்பம் பெரும்பாலும் அந்த வேகத்தைக் கூட்டுகிறது. கொதி வந்த பிறகு, அந்தப் பிடியை அறுத்து மூலக்கூறுகளைப் பிரித்து விடுவதற்கே செலவாகிறது. ஒரு பகுதி, புதிதாக உண்டான ஆவி மேலிருக்கும் காற்றைத் தள்ளி இடம் பிடிப்பதற்கும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் விரியும் அல்லவா! வேகம் கூடாததால், 100 டிகிரித் தண்ணீரிலிருந்து வரும் ஆவியும் 100 டிகிரியிலேயே இருக்கிறது.

சரி, கொஞ்சமாவது ஏறக்கூடாதா? ஏறப் பார்க்கும். ஆனால் தண்ணீர் சற்றே கூடுதலாகச் சூடானால் குமிழிகள் இன்னும் வேகமாகப் பெருகும். ஒவ்வொரு குமிழியும் தன் பங்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியேறும். அதனால் தண்ணீர் மறுபடி பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அடுப்பைக் கூட்டுவதால் கூடுவது ஆவியாகும் வேகம் மட்டுமே.

அந்த 100 டிகிரியும் எங்கும் மாறாத எண் அல்ல. தண்ணீரை மேலிருந்து அழுத்தும் காற்றைப் பொறுத்தது அது. காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரமாகும். குக்கரிலோ ஆவி உள்ளேயே அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் எரிவாயு மிச்சமாகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 70,000 கலோரி போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 5,40,000 கலோரி வேண்டும். உலை கொதித்த பிறகும் அடுப்பை முழுவீச்சில் எரியவிட்டால் அரிசி சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் வற்றும். கொதி அடங்காத அளவுக்குத் தணலைக் குறைத்தாலே போதும்.

இன்னொன்று. ஆவி எடுத்துப்போன வெப்பம் தொலைந்துபோவதில்லை. குளிர்ந்த பொருளில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். இட்லி வேகுவது அதனால்தான். தோலில் படும் ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது 63 கலோரி கொடுக்கும். ஒரு கிராம் ஆவியோ 603 கலோரி கொடுக்கும். ஆகவே இட்லிப் பானையைத் திறக்கும்போது குனிந்து பார்க்காதீர்கள். மூடியின் மறுபக்கத்தை முதலில் தூக்கி, ஆவியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போகவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள்.