போன் நிறைந்தால் எதை அழிப்பது?
(தையல் தொழில் செய்யும் உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



"போன் நிறைஞ்சு போச்சுக்கா, எதை அழிக்கிறதுன்னே தெரியல." தையல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அவசரத்தில் முதலில் கை வைப்பது வாடிக்கையாளர் அனுப்பிய ஜாக்கெட் படங்களில்தான். ஆனால் இடத்தை அடைப்பது பெரும்பாலும் அவை இல்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். பெரும்பாலும் கால் எம்.பி.கூட இருக்காது. ஒரு நிமிடக் குரல் பதிவும் அப்படித்தான். சொந்தக்காரங்க குழுவில் வரும் கல்யாண வீடியோ ஒன்று 20 எம்.பி. இருந்தால், அந்த இடத்தில் எண்பது ஜாக்கெட் படம் வைக்கலாம்.

அதனால் வாட்ஸ்அப்பில் Settings, அதில் Storage and data, அதில் Manage storage என்று போங்க. எந்தக் குழு, எந்த ஆள் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். குழு வீடியோக்களை அங்கேயே அழியுங்க. அதே Storage and data பக்கத்தில் Media auto-download என்று இருக்கும். அங்கே உள்ள எல்லாவற்றிலும் வீடியோவுக்கு உள்ள டிக்கை எடுத்துவிட்டால், நாம் தொட்டால்தான் வீடியோ இறங்கும். கேலரியில் அழித்தும் இடம் கூடவில்லையா? குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்க. பல போன்களில் அழித்த படம் ஒரு மாதம் அதில்தான் கிடக்கும்.

குரல் பதிவில் சிக்கல் வேறு. அதில் சொன்ன அளவைப் பிறகு தேடி எடுக்க முடியாது. ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஒரு பெண் மூன்று படமும் நான்கு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். பின்கழுத்து 9 இஞ்ச் என்று முதலில் சொல்லிவிட்டு, மறுநாள், "அம்மா திட்டுறாங்கக்கா, 7 போதும்" என்று வேறொரு பதிவில் சொல்லியிருந்தார். அது மற்ற பதிவுகளுக்கு நடுவே கேட்காமல் கிடந்தது. 7 வெட்டியதை 9 ஆக்கலாம். 9 வெட்டியதை 7 ஆக்க முடியுமா?

அந்தக் கடைக்காரம்மா வெட்டுவதற்கு முன் ஒரு வரி அடித்து அனுப்புவார்: "ரசீது 47. முன்கழுத்து 6, பின்கழுத்து 9, கை 10, பச்சை பைப்பிங். கழுத்து முதல் படம், கை மூன்றாவது படம். சரியா?" அந்தப் பெண் உடனே, "9 இல்லக்கா, 7" என்றார். பட்டுத்துணி பிழைத்தது.

'சரி' என்று பதில் வந்த பிறகுதான் கத்தரி. அதையே ரசீது எண்ணோடு நோட்டிலும் எழுதுங்க. வாட்ஸ்அப்பில் 'ரசீது 47' என்று தேடினாலும் அந்த வரி வந்துவிடும். தமிழில் அடிக்கச் சிரமமாக இருந்தால் நோட்டுப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பலாம். துணியைக் கொடுத்து, பிடித்துக் கொடு, பிரித்துக் கொடு என்று திரும்பி வரும் பத்து பதினைந்து நாளும் கழிந்த பிறகு படத்தையும் குரலையும் அழிக்கலாம். அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும், அடுத்த தீபாவளிக்கு அதே ஆள் அதே அளவு கேட்டு வருவார்.